‘ஃப்ரீ சுகர்ஸ்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

மெய்யம்மை, காரைக்குடி:
வியாழனுக்குள் எங்கள் பள்ளிச் சுவரில் உணவுப் பலகை எழுதியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவுதான் விஷயம். நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு ஃப்ரீ சுகர்ஸ் 50 கிராமுக்குள், சுமார் 12 தேக்கரண்டி. அதையும் 6 ஆக்கினால் இன்னும் நல்லது. ‘கட்டற்ற சர்க்கரை’ என்று எழுதினால் அளவில்லாமல் தின்னலாம் என்றுதான் பிள்ளைகள் படிப்பார்கள். வேறு சொல் தாருங்கள்.

சொக்கலிங்கம், தேவகோட்டை:
‘சேர்த்த சர்க்கரை’ போதுமே. பால் பணியாரத்தில் நாம் போடும் சீனி சேர்த்தது, பாலில் இருப்பது இயல்பு. தேனும் கருப்பட்டியும் இயற்கை, கணக்கில் வராது.

வள்ளியம்மை, மதுரை:
அண்ணே, பால் பணியாரம் சரி. ஆனால் தேனுக்கும், கும்மாயத்துக்குப் போடும் கருப்பட்டிக்கும் கணக்கு உண்டு. ‘சேர்த்த’ என்பது பழச்சாற்றில் உதைக்கும். மூன்று ஆரஞ்சு பிழிந்து ஒரு டம்ளர் எடுங்கள். சீனியே போடாவிட்டாலும் அதில் நான்கைந்து தேக்கரண்டி இருக்கும், அத்தனையும் வரம்புக் கணக்கில் சேரும். அதே பழத்தைச் சுளையாகத் தின்றால் ஒரு கரண்டிகூடக் கணக்கில் இல்லை. சுளையில் சர்க்கரை உயிரணுச் சுவருக்குள் இருக்கிறது, மென்று தின்ன நேரமாகும், வயிறும் நிறையும். சாறு என்றால் ஒரே மடக்கு.

பழனியப்பன், பள்ளத்தூர்:
உள்ளே, வெளியே என்பதுதான் கேள்வி என்றால் அகச்சர்க்கரை, புறச்சர்க்கரை என்போம். சர்க்கரையே வடசொல், சிறுகல் என்று பொருள். அக்காரவடிசிலில் நிற்கும் ‘அக்காரம்’ இன்னும் அழகு.

வள்ளியம்மை:
ஐயா, அக்காரமும் அதே வேரிலிருந்து பிராகிருத வழி வந்ததுதான். அகம், புறம் பாகுபாட்டைப் பிரிட்டனில் 1989-இலேயே வைத்தார்கள். பாலின் சர்க்கரை உயிரணுவுக்குள் இல்லாததால் அதுவும் புறமாகிவிட்டது. அதைக் குறைக்கச் சொல்லக் காரணமில்லை. கடைசியில் ‘பால் அல்லாத புறச்சர்க்கரை’ என்று நீட்ட வேண்டியதாயிற்று. ‘உதிரிச் சர்க்கரை’ என்று சொன்னால் என்ன?

நாச்சியப்பன், கானாடுகாத்தான்:
எனக்குச் சர்க்கரை இருக்கிறது. காப்பிக்குச் சீனியே கூடாது என்கிறார் டாக்டர், நீங்கள் 12 கரண்டி என்கிறீர்களே! அப்புறம், நம் பக்கம் வெள்ளையாக இருந்தால் சீனி, சர்க்கரை என்றால் வெல்லத்தூள். பலகையைப் படிக்கும் ஆத்தாமார் சீனிக்கு வரம்பே இல்லை என்று நினைப்பார்கள்.

மெய்யம்மை:
ஐயா, 12 என்பது தாண்டக்கூடாத எல்லை, சாப்பிடச் சொல்லும் அளவல்ல. உங்களுக்கு டாக்டர் சொல்வதே கணக்கு. சீனி பற்றிச் சொன்னது முக்கியம். ‘உதிரிச் சர்க்கரை’ என்று எழுதி, அடியிலேயே சீனி, வெல்லம், கருப்பட்டி, தேன், பழச்சாறு என்று பெயர் சொல்லிவிடுகிறேன். சொக்கலிங்கம் அண்ணனும் சரி என்று போனில் சொல்லிவிட்டார். மிக்சியில் அடித்த பழக்கூழ் எதில் சேரும்?

வள்ளியம்மை:
பிரிட்டனில் கூழையும் சேர்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் சாறு இருக்கிறது, கூழ் என்ற பேச்சில்லை. பலகையில் அதைத் தொடாதே.

பழனியப்பன்:
உதிரி என்றால் கடையில் பொட்டலம் கட்டாமல் நிறுக்கும் சீனி என்றுதான் எனக்குப் படுகிறது. பால் ஒரு விதிவிலக்கு, அவ்வளவுதான். அதற்காகப் புறத்தை விட நான் தயாரில்லை.