படத்துல இருந்து பைக்கை எடுத்ததும் செங்கல் வரி ஒடிஞ்சு நிக்குது, உதவுங்க

கொழிஞ்சாம்பாறை செந்தில்: சுவரோரம் நின்ன பைக்கை போட்டோஷாப்ல Content-Aware Fill போட்டு எடுத்தேன். அந்த இடத்துல கல்லெல்லாம் பாதி பாதியா கிடக்குது, சாந்துக் கோடு ஒடிஞ்சிருக்கு. சாயங்காலம் படம் வாங்க பார்ட்டி வர்றாரு. சீக்கிரம் சொல்லுங்க.

வாளையார் மணி: சுவரை நேரா நின்னு எடுத்தீங்களா, சாய்வாவா? பூசாத 9 இன்ச் சுவரா?

சித்தூர் பாபு: Healing Brush எடுத்து மேல தேய்ங்க, போதும்.

ராஜன் ஸ்டுடியோ: பாபு, இதை எத்தனை தடவைதான் சொல்றது? ஹீலிங் பக்கத்து நிறத்தை இழுத்துக் கலக்கும். சாந்துக் கோட்டோரம் சேறு அப்பின மாதிரி ஆயிடும். அடிப்படையைப் படிச்சிட்டு பதில் போடுங்க.

பாத்திமா: எனக்கும் இதேதான். மண்டபத்துத் தரை டைல்ஸ்ல நாற்காலியை எடுத்தேன். டைல்ஸ் சரி, லைட் பிரதிபலிப்பு மட்டும் துண்டாகுது.

செந்தில்: சாய்வாங்க. வலப்பக்கம் போகப் போக கல் சின்னதாகுது. பூசாத சுவர்தான்.

மணி: அப்ப Vanishing Point-லதான் பண்ணணும். முதல்ல காலி லேயர் ஒண்ணு போட்டுக்கிட்டு Alt+Ctrl+V அழுத்துங்க. கட்டத்தோட நாலு மூலையையும் சாந்துக் கோடுகள் சந்திக்கிற இடத்துல, பைக் நின்ன இடத்தைத் தாண்டி நல்லா தள்ளி வைங்க. கட்டம் மஞ்சளாவோ சிவப்பாவோ வந்தா மூலை தப்பு. நீலம் வந்தாலும் உடனே நம்பாதீங்க. ஓரத்தைப் பிடிச்சு இழுத்து, கடைசிக் கல் வரைக்கும் கட்டம் சாந்துக் கோட்டு மேலயே போகுதான்னு பாருங்க.

அப்புறம் Stamp Tool, Heal: Off. ஒரு சந்திப்பு மேல Alt கிளிக். பிரஷ்ஷுக்குள்ள தெரியற கல்லை, நிரப்ப வேண்டிய இடத்துச் சந்திப்போட பொருத்தி வெச்சுட்டு தேய்க்கத் தொடங்குங்க. வெளிச்சம் மாறினா பிறகு Curves-ஐ அந்த லேயருக்கு மட்டும் கிளிப் பண்ணிச் சரிபண்ணலாம்.

பாபு: மேல் வரியில இருந்து எடுத்து அரைக்கல் நகர்த்தி வெச்சாலும் வரும்ல?

ராஜன்: வராது. 9 இன்ச் சுவர்ல ஒரு வரி கல்லோட நீளப்பக்கம், அடுத்த வரி தலைப்பக்கம். ஒரு வரி விட்டு அடுத்த வரியிலதான் எடுக்கணும்.

பாபு: எங்க ஊர்ல எல்லா வரியும் நீளப்பக்கமாவே கட்டுறாங்க.

ராஜன்: அது நாலரை இன்ச் சுவர்.

மணி: படத்துல எண்ணிப் பார்த்தா தெரிஞ்சிடும், விடுங்க. பாபு சொன்ன ஹீலிங்கும் கடைசியில வேணும். கறை படிஞ்ச ஒரே கல் ரெண்டு இடத்துல வந்தா கண்ணு அங்கதான் போகும். அந்தக் கறையை மட்டும், கல்லுக்கு நடுவுல, கோட்டைத் தொடாம ஹீலிங்ல எடுங்க.

செந்தில்: வரி சேர்ந்துருச்சு, நன்றிங்க. ஆனா நிரப்புன கல்லெல்லாம் மங்கலா இருக்கு.

மணி: வலப்பக்கத்துச் சின்னக் கல்லை இடப்பக்கம் கொண்டுவந்திருப்பீங்க. பெருசாகும்போது மங்கத்தான் செய்யும். கிட்ட இருக்கற பெரிய கல்லை எடுத்துத் தூரத்துக்குக் கொண்டு போங்க.

பாத்திமா: என் டைல்ஸுக்கு யாராவது சொல்லுங்களேன்.

மணி: பிரதிபலிப்பை டைல்ஸோட சேர்த்து ஒட்டாதீங்க. முதல்ல கோடுகளை முடிச்சிட்டு, வெளிச்சத்தைத் தனி லேயர்ல போடணும். அந்த லைட் குழல்விளக்கா, ஜன்னலா?