தேர்த் திருப்பணிக் கணக்கைக் கேட்பது அவதூறு ஆகுமா?

கோண்டாவில் அடியான்:
எங்கள் ஊர்க் கோயிலின் தேர்த் திருப்பணிக்காக உள்ளூரிலும் கனடாவிலும் பணம் சேர்த்தார்கள். அடுத்தடுத்து இரண்டு பொதுக்கூட்டங்களில் கணக்கறிக்கை வைக்கப்படவில்லை. ஊர் முகநூல் குழுமத்தில், "தேர்க்காசைத் தலைவர் விழுங்கிவிட்டார், இது என் தனிப்பட்ட கருத்து" என்று எழுதினேன். பெயர் எதுவும் போடவில்லை. இப்போது பரிபாலன சபைத் தலைவரின் சட்டத்தரணியிடமிருந்து நட்டஈடு கேட்டுக் கோரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. கருத்துச் சொல்வதும் அவதூறா?

யாழ்வாணன்:
நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் இருந்த அவதூறுக் குற்றம் 2002ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. அதற்காக உங்களை எவரும் சிறைக்கு அனுப்ப முடியாது. மேலும் நீங்கள் கருத்து என்று தெளிவாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், பெயரையும் எழுதவில்லை. எழுதியது உண்மையாக இருந்தால் அதற்கு மேல் எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்காது. பொதுப்பணத்தைக் கையாள்பவர் கேள்விக்கு உட்பட்டவர் என்பதை இந்த ஊர் மறந்துவிடக் கூடாது.

வண்ணைச் சட்டத்தரணி:
நான் பல ஆண்டுகள் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காடியவன். குற்றவியல் அவதூறு நீக்கப்பட்டது என்று யாழ்வாணன் சொல்வது சரி. ஆனால் குடியியல் வழக்கு அப்படியே இருக்கிறது. அது உரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து நமக்கு வந்தது. நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கப்படுவது. வாசிக்கும் சாதாரண மனிதரின் மனதில் ஒருவருடைய மதிப்பைத் தாழ்த்தும் சொற்களை வெளியிட்டால், தாழ்த்தும் எண்ணம் இருந்தது என்று நீதிமன்றம் முதலில் ஊகித்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு எழுதியவருடையது. வழக்காளி தமக்குப் பண இழப்பு ஏற்பட்டது என்று நிரூபிக்க வேண்டிய தேவையும் இல்லை.

பெயரை எழுதாதது காப்பாற்றாது. ஒரு கோயிலுக்குத் தலைவர் ஒருவர்தான். குழுமத்தில் இருப்பவர்கள் அனைவரும் அந்த ஊரவர்கள். யாரைச் சொல்கிறீர்கள் என்பது அவர்களுக்குப் புரிந்தால் அதுவே போதும். உண்மை மட்டும் போதும் என்பதும் நம் சட்டத்தில் முழுமையான விடை அல்ல. உண்மையுடன், அதை வெளியிட்டதில் பொது நன்மை இருந்தது என்பதையும் பிரதிவாதி காட்ட வேண்டும். கோயில் பணத்தைப் பொறுத்தவரை பொது நன்மையைக் காட்டுவது கடினமாக இராது. பணத்தை விழுங்கினார் என்பதைக் காட்டுவதே கடினம்.

இனிக் கருத்து. "விழுங்கிவிட்டார்" என்பது நடந்த ஒரு செயலைப் பற்றிய கூற்று. அது நடந்ததா இல்லையா என்று சாட்சியம் கொண்டு சோதிக்கலாம். அதன் முன்னாலோ பின்னாலோ "என் கருத்து" என்று சேர்ப்பதனால் அதன் தன்மை மாறாது. கேள்விக்குறி போட்டு "விழுங்கிவிட்டாரோ?" என்று எழுதினாலும் வாசிப்பவர் மனதில் அதே பொருள் பதிந்தால் அதே விளைவுதான். நேர்மையான விமர்சனம் என்ற பாதுகாப்பைப் பெறுவதற்கு, அடிப்படையான செய்திகள் உண்மையாக இருக்க வேண்டும். அவற்றின் மேல் எழுந்த தீர்ப்பு இது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். விடயம் பொது அக்கறைக்குரியதாகவும் எழுதியவர் வன்மமின்றி நம்பியதாகவும் இருக்க வேண்டும்.

இதே செய்தியை இப்படி எழுதியிருக்கலாம்: "இரண்டு பொதுக்கூட்டங்களில் கணக்கறிக்கை வைக்கப்படவில்லை. கேட்டபோது விடை கிடைக்கவில்லை. பிறருடைய காணிக்கையைப் பொறுப்பேற்றவர் இப்படி நடப்பது வெட்கக்கேடானது. அவர் பதவி விலக வேண்டும்." முதல் இரண்டு வாக்கியங்களையும் கூட்டக்குறிப்பேட்டைக் கொண்டு நிறுவலாம். மூன்றாவது கடுமையானது, ஆனாலும் அது தீர்ப்பு. கடுமை குற்றமாகாது.

சுன்னாகம் சிவகாமி:
நானும் இந்தக் கொடுமையை அனுபவித்தேன். வீட்டில் சமைத்து மதியச் சாப்பாட்டுப் பார்சல் விற்றுத்தான் பிள்ளைகளைப் படிப்பிக்கிறேன். ஒருவர் என் சோறு குழைந்திருந்தது, கொடுத்த காசுக்குத் தகுதியில்லை என்று எழுதினார். இன்னொருவர் முதல்நாள் இறைச்சியைச் சூடாக்கி விற்கிறேன் என்று வைபரில் பரப்பினார். இரண்டு பேருக்கும் எதிராக நான் வழக்குப் போடலாமா?

வண்ணைச் சட்டத்தரணி:
அம்மா, முதலாமவர் வாங்கி உண்டவர். தமக்கு எப்படி இருந்தது என்பதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. உங்களுக்கு வலித்திருக்கும், ஆனால் அதில் வழக்கு இல்லை. இரண்டாமவர் நீங்கள் செய்ததாக ஒரு செயலைக் கூறுகிறார். அது பொய்யாயின் உங்கள் தொழிலின் நேர்மையையே தாக்குகிறது. அவர் எழுதியதை மட்டும் திகதியுடன் பத்திரப்படுத்தி, சட்டத்தரணி ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். மூடிய வைபர் குழு என்பதனால் அது வெளியீடு ஆகாமற் போகாது. உங்களைத் தவிர இன்னொருவர் வாசித்தாலே வெளியீடுதான்.

யாழ்வாணன்:
உங்கள் விளக்கம் பணமுள்ளவருக்கே வசதியாக இருக்கிறது, ஐயா. கணக்குப் புத்தகம் தலைவரின் அலுமாரியில் இருக்கிறது. நிரூபிக்கும் பொறுப்போ அடியவரின் தலையில் இருக்கிறது. புத்தகத்தை மறைத்தவரே, புத்தகம் இல்லாமற் பேசினாய் என்று வழக்குத் தொடுக்கிறார். ஒரு கோரிக்கைக் கடிதம் வந்தாலே ஊர் முழுவதும் வாயை மூடிக்கொள்கிறது. இதை நீதி என்று ஏற்க என்னால் முடியவில்லை.

முன்னாள் பொருளாளர்:
வேறொரு கோயிலின் திருப்பணிச் சபையில் கணக்கு எழுதியவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தேர்வேலையில் ஆசாரியாருக்கு முற்பணம் கொடுப்போம், மரம் தனியாக வாங்குவோம், சிற்பவேலை இழுபடும், இறுதிக் கூலி முடிவாகும் முன் கணக்காய்வாளர் கையொப்பமிட மாட்டார். எங்களுடைய கணக்கும் அப்படித்தான் பிந்தியது. அந்த இடைவெளியில் களவு என்ற சொல் ஊருக்குள் பரவியது. பற்றுச்சீட்டுகளை மண்டபத்தில் விரித்து வைத்த பிறகும் அந்தச் சொல் முழுமையாகப் போகவில்லை. எங்களில் ஒருவருடைய மகளுக்கு வந்த கலியாணப் பேச்சு அதனாலேயே குழம்பியது. கணக்குப் பிந்தியது என்று திட்டியிருந்தால் நாங்கள் தலைகுனிந்து கேட்டிருப்போம்.

யாழ்வாணன்:
உங்கள் சபை பற்றுச்சீட்டுகளை விரித்து வைத்தது. இங்கே வைக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

வண்ணைச் சட்டத்தரணி:
யாழ்வாணனின் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். ஆயினும் அவர் பார்க்காத வழி ஒன்று உண்டு. களவு என்று குற்றஞ்சாட்டாதவர் களவை நிரூபிக்க வேண்டியதில்லை. கணக்கு வைக்கப்படவில்லை என்பதை மட்டும் நிறுவினாற் போதும். கையாடல் நடந்தது என்று உண்மையாகவே சந்தேகிப்பவர் அதைப் பொலிஸ் முறைப்பாட்டிலோ சபையின் பொதுக்கூட்டத்திலோ சொன்னால் சட்டம் அவருக்குக் கூடுதல் பாதுகாப்புத் தருகிறது. கேட்கும் கடமையும் அக்கறையும் உள்ளவர்களிடம் அவர் பேசுகிறார் என்பதே காரணம். வன்மம் நிரூபிக்கப்பட்டால் அந்தப் பாதுகாப்பு விலகிவிடும். பொது நன்மைக்காகப் பேசுவதை நம் சட்டம் மதிக்காமல் இல்லை. சுதந்திரத்துக்கு முந்திய சட்டமன்றமான அரசாங்க சபையின் உறுப்பினர்கள் மீதான இலஞ்சக் குற்றச்சாட்டை விசாரித்த ஆணைக்குழுவின் அறிக்கையை ஒரு நாளிதழ் வெளியிட்டது. அதில் தம்மைப் பற்றி இருந்த குறைகூறலுக்காக ஒரு வைத்தியர் வழக்குத் தொடுத்தார். அதுவே பெரேரா எதிர் பீரிஸ் வழக்கு. 1948இல், அன்று நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில் நாளிதழின் பக்கமே தீர்த்தது.

அடியானுக்கு: கடிதத்தில் தவணை குறிப்பிட்டிருக்கும், அதற்குள் பதில் அனுப்புங்கள், நீங்களாக எழுதாமல் ஒரு சட்டத்தரணி மூலம் அனுப்புங்கள். குழுமத்தில் மேலும் விவாதிக்காதீர்கள். நீக்குவதற்கு முன் பதிவையும் பின்னூட்டங்களையும் படமெடுத்து வையுங்கள்.

கோண்டாவில் அடியான்:
இரண்டு கூட்டங்களின் குறிப்பேட்டுப் பிரதியும் செயலாளரிடம் இருக்கிறது, கேட்டிருக்கிறேன். பதிவை நீக்கினால் நான் பொய் சொன்னேன் என்று ஊர் எடுத்துக்கொள்ளாதா?

யாழ்வாணன்:
எடுத்துக்கொள்ளும். நீக்காதீர்கள்.

முன்னாள் பொருளாளர்:
"விழுங்கிவிட்டார்" என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் கணக்கு வைக்கப்படாத இரண்டு கூட்டங்களின் திகதிகளையும் போடுங்கள். அதை மறுக்க வேண்டுமானால் தலைவர் கணக்கோடுதான் வர வேண்டும்.