தெரியாத எண், மூன்று எதிர்பார்ப்புகள்

கவிதா (11.20): அரை மணி நேரத்துக்கு முன் தெரியாத எண்ணிலிருந்து இரண்டு மிஸ்டு கால். அம்மாவின் பயாப்சி ரிசல்ட் இன்று வர வேண்டும். பார்சல் ஒன்றும் வர வேண்டும். நேர்காணல் தேதியையும் போனில் சொல்வதாகச் சொன்னார்கள். கை நடுங்குகிறது. அந்த எண்ணுக்கே கூப்பிடட்டுமா?

சேகர் மாமா: பெயர் காட்டும் ஆப்பில் போட்டுப் பாரம்மா. மருத்துவமனை என்று வந்தால் தைரியமாகக் கூப்பிடு.

மல்லிகா அத்தை: அதை மட்டும் நம்பக் கூடாது சேகர். அதில் வருவது பெரும்பாலும் பிறர் சேமித்து வைத்த பெயர்தான். திரையில் தெரியும் எண்ணையே போலியாகக் காட்டவும் முடியும். கவிதா, வெளிநாட்டுக் குறியீடு இருக்கிறதா?

கவிதா: இல்லை அத்தை, உள்நாட்டு எண்தான். இரண்டு முறையும் முழுதாக அடித்திருக்கிறது.

மல்லிகா அத்தை: சரி. ஒரே ரிங்கில் நிறுத்திவிட்டு, திரும்பக் கூப்பிடுபவரிடம் வெளிநாட்டு எண் வழியாகக் காசு கறக்கும் வகையாகத் தெரியவில்லை. ஆனாலும் அதற்குக் கூப்பிடாதே. மருத்துவமனை ஸ்விட்ச்போர்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன். எந்தப் பிரிவிலிருந்து பேசினாலும் வெளியே பல நேரம் பொது எண்தான் தெரியும். திரும்பக் கூப்பிட்டால், உன்னை அழைத்தது யார் என்று போர்டில் இருப்பவருக்கே தெரியாது. அம்மாவின் ஓ.பி. சீட்டில் அச்சிட்ட எண்ணுக்குக் கூப்பிட்டு, பதிவு எண்ணைச் சொல்லி, டாக்டரின் பிரிவைக் கேள்.

சரோஜா பெரியம்மா: போனை எடுத்தாலே பேங்க் பணம் போய்விடுமாமே? எடுக்காதேடி!

மல்லிகா அத்தை: எடுத்ததற்காகப் போகாது அக்கா. ஓடிபி சொன்னால், அவர்கள் சொல்லும் ஆப்பை இறக்கினால்தான் ஆபத்து.

அருண்: பார்சல் என்றால் கவனம் அக்கா. போன மாதம் ஒருவன், "டெலிவரி ஆள் வழி தெரியாமல் நிற்கிறார், இந்த எண்ணுக்குப் போடுங்கள்" என்று *21* என்று தொடங்கி # என்று முடியும் ஒன்றைச் சொன்னான். போட்டுவிட்டேன். என் அழைப்பெல்லாம் அவனுக்கே திரும்பிவிட்டது. யாரோ என் போனை எடுத்துப் பேசுவதாக நண்பன் சொன்ன பிறகுதான் விளங்கியது. *#21# போட்டுப் பார்த்து, ##21# போட்டு ரத்து செய்தேன். இப்போதெல்லாம் ஆர்டர் போட்ட ஆப்பில் பார்சல் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறேன்.

சேகர் மாமா: நேர்காணலாக இருந்தால்? தாமதித்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களே.

மல்லிகா அத்தை: அழைப்புக் கடிதம் வந்த மெயிலுக்கே, "இந்த எண்ணிலிருந்து அழைத்தீர்களா?" என்று பதில் போடட்டும்.

அருண்: சில கன்சல்டன்சிக்காரர்கள் சொந்த மொபைலிலிருந்துதான் கூப்பிடுகிறார்கள் அத்தை. அவர்களை மெயிலில் எப்படிப் பிடிப்பது?

மல்லிகா அத்தை: அதற்கு எனக்கும் சரியான வழி தெரியவில்லை.

கவிதா (11.52): மருத்துவமனை கூப்பிடவில்லையாம், ரிப்போர்ட் நாளைக்குத்தானாம். பார்சல் இன்னும் கிளம்பவே இல்லை. மெயிலுக்குப் பதில் வரவில்லை. ஐயோ, அதே எண் மறுபடி அடிக்கிறது!

மல்லிகா அத்தை: எடு. பெயரையும் நிறுவனத்தையும் கேட்டு எழுதிக்கொள். பணம் பற்றிப் பேச்செடுத்தால் வைத்துவிடு.