பரணில் கிடைத்த கம்பளத்தின் வயது: சாயம் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

கும்பகோணத்தில் தாத்தா வீட்டுப் பரணில் ஒரு பழைய கம்பளி விரிப்பு கிடைத்தது. கையால் முடிச்சுப் போட்டதுதான் என்று நம்புகிறேன். குஞ்சம் தனியாகத் தைத்து ஒட்டியதாக இல்லை, உள்ளே ஓடும் பாவு நூலே வெளியே நீண்டிருக்கிறது. பின்பக்கமும் பூ வேலை தெளிவாகத் தெரிகிறது, முடிச்சுகள் ஒரே அளவில் இல்லை. ஒரு முனை மறுமுனையைவிட இரண்டு விரற்கடை அகலம் குறைவு.

குழப்பம் வயதில்தான். 200 வருஷம் இருக்கும் என்கிறார் மாமா. ஆனால் பூக்களின் ஊதா மேலே சாம்பலாக வெளுத்திருக்க, இழைகளைப் பிரித்துப் பார்த்தால் அடியில் பளீரென்று இருக்கிறது. வெயிலில் இப்படி வெளுப்பது ஆரம்பகாலச் செயற்கைச் சாயங்களின் குணம். முதல் செயற்கை ஊதா வந்ததே 1856இல். அப்படியானால் 200 வருஷம் எப்படிச் சரியாகும்?

சிவப்பு மட்டும் நுனியிலும் அடியிலும் ஒன்றுபோல இருக்கிறது. ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை. மஞ்சிட்டி வேர்ச் சாயமும் ஒட்டாது, பிற்கால குரோம் சாயமும் ஒட்டாது. மஞ்சிட்டி என்றே தெரிந்தாலும் பழசு என்று ஆகிவிடாது, இன்றும் அதில் தோய்க்கிறார்கள். ஆனால் குரோம் என்றால் கம்பளம் இருபதாம் நூற்றாண்டுக்கு வந்துவிடும். நூலை வெட்டாமல் இந்த இரண்டையும் பிரித்தறிய வழி உண்டா? தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கம் நேரில் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்களா?