நீளமான குரல் பதிவின் எழுத்துச் சுருக்கத்துக்கு ஒரு சொல் வேண்டும்

மேலூர், பாசனக் குழுப் பொறுப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். பெரியாறு பிரதானக் கால்வாயின் கடைமடையில் இருக்கும் எங்கள் குழுவில் மதகு திறப்பு, முறை மாற்றம், வசூல் எல்லாமே குரல் பதிவாகத்தான் வருகின்றன. ஒவ்வொன்றும் ஆறேழு நிமிடம் ஓடும். காது கேளாத உறுப்பினர்களும் இருப்பதால், ஒருவர் கேட்டு நான்கைந்து வரியில் எழுதிப் பதிவின் கீழேயே போடுகிறார். அந்த எழுத்தை என்னவென்று சொல்வது? குழு விதியில் ‘குரல் சுருக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். அச்சிடும் முன் உங்கள் கருத்து வேண்டும்.

திருநகர், மென்பொருள் பணி:

‘குரல் சுருக்கம்’ குழப்பும் ஐயா. ஒலிக்கோப்பின் அளவைக் குறைப்பதற்கும் சுருக்கம் என்றுதான் சொல்கிறோம். வாட்ஸ்அப் குரல் பதிவே ஓபஸ் முறையில் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. ஒலியை எழுத்தாக்குவதால் ‘ஒலிபெயர்ப்பு’ பொருந்தும். கைப்பேசியே எழுத்தாக்கித் தந்தால் ஆளும் தேவையில்லை.

செல்லூர்:

இதுக்கு எதுக்குங்கய்யா புதுச் சொல்லு? ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டா ஏழு நிமிசம் மூணரை நிமிசத்துல முடிஞ்சுபோகும். எங்க சங்கத்துல அப்படித்தான் கேக்குறாக.

மேலூர்:

அண்ணே, நேரம் இல்லாதவர்களைப் பற்றி நான் கேட்கவில்லை. காதே கேளாதவர்களைப் பற்றிக் கேட்கிறேன்.

தல்லாகுளம், ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தர்:

திருநகர்த் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. ஆனால் ‘ஒலிபெயர்ப்பு’ வேறு வேலைக்குப் போய்விட்ட சொல். ஒரு மொழியின் ஒலியை இன்னொரு மொழியின் எழுத்தில் எழுதுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். சொல்லுக்குச் சொல் எழுதுவதைப் ‘படியெடுப்பு’ எனலாம். மேலூர்க்காரர் கேட்பது அதற்கு அடுத்த நிலை. பதவுரைக்கும் பொழிப்புரைக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கேயும். ஆகவே என் பரிந்துரை ‘குரற்பொழிப்பு’.

படியெடுப்பு ஏன் போதாது என்பதற்கு ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். செவ்வாய் இரவு 11:50-க்கு ஒருவர் பேசுகிறார் என்று வையுங்கள். முதல் ஒன்றரை நிமிடம் நலம் விசாரிப்பும் குறையும். பிறகு, “நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு மதகு திறக்குறாக, மூணு நாளைக்கு ஓடும்.” பதிவில் ஐந்து நிமிடம் தாண்டியதும், “மூணு நாள்னு சொன்னேன்ல, இல்ல, அஞ்சு நாளாம், மதகு பாக்குற லஸ்கர் சொன்னாரு. வசூலு ஏக்கருக்கு நூத்தம்பது. போன தடவை மாதிரி நூறு இல்ல.” நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் போகும் பேச்சு இது. அப்படியே எழுதினால் அறுநூறு, எழுநூறு சொல் வந்துவிடும். படிப்பவர் ‘மூணு நாள்’ கண்ணில் பட்டதும் நிறுத்திவிடுவார்.

பொழிப்பு எடுப்பவர் முதல் தடவை எழுதாமல் கடைசிவரை கேட்க வேண்டும். பேச்சில் திருத்தம் எப்போதும் பின்னால்தான் வரும்; கேட்கக் கேட்க எழுதுகிறவர் பழைய எண்ணை அடிக்க மறந்துவிடுவார். இரண்டாம் தடவை எழுத வேண்டும். மூன்றாம் தடவை எண், நாள், ‘இல்லை’ என்ற சொல், இவற்றை மட்டும் ஒப்பிட வேண்டும். ‘நாளை’ என்று ஒருபோதும் எழுதக் கூடாது. அந்தப் பதிவை யாராவது புதன்கிழமை காலையில் வேறு குழுவுக்கு அனுப்பினால் அங்கே அனுப்பிய நேரம்தான் தெரியும், பேசிய நேரம் தெரியாது. ‘நாளை’ வியாழனாகிவிடும். முடிவில் இப்படி வர வேண்டும்:

> புதன் காலை 6 மணி: மதகு திறப்பு.
> 5 நாள் ஓடும் (முதலில் 3 என்றார், பிறகு திருத்தினார்). லஸ்கர் சொன்னதாகச் சொல்கிறார்.
> வசூல்: ஏக்கருக்கு 150 ரூபாய்.
> பேசியது: செவ்வாய் இரவு 11:50.

‘லஸ்கர் சொன்னதாக’ என்பதை இடம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள். கேள்விப்பட்டதையும் உறுதியானதையும் ஒரே மாதிரி எழுதினால் அது பொழிப்பு ஆகாது; குன்றக் கூறல்.

திருநகர்:

ஏற்கிறேன் ஐயா. ஒரு சேர்க்கை. தானியங்கியாக எழுத்தாக்கியதை வைத்துப் பொழிப்பு எடுத்தாலும் பதிவைக் கேட்டே ஆக வேண்டும். மோட்டார் சத்தமோ நீண்ட மௌனமோ வந்தால் பேசாத வாக்கியத்தைச் சில மென்பொருள்கள் தாங்களே எழுதிவிடும், அல்லது ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடிக்கும். அடுத்தடுத்து ஒரே வரி வந்தால் அந்த இடத்தைக் காதால் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

திருமங்கலம், காது கேளாத உறுப்பினர்:

எனக்கு முதல் மொழி சைகை. எழுத்துத் தமிழ் பிறகு படித்தது. நீளமான வாக்கியம் கஷ்டம். “வராதுன்னு சொல்ல முடியாது” என்று எழுதினால் வருமா, வராதா? ‘வரலாம்’ என்று எழுதுங்கள். நாள் முதல் வரியில் வேண்டும். இன்னொன்று: பேசியவர் கோபமாகப் பேசினாரா, சிரித்தாரா, அதுவும் வேண்டும். குழுவில் பதிலுக்குச் சண்டை வருகிறது, எனக்கு ஏன் என்று தெரிவதில்லை. பெயர் எதுவானாலும் சரி.

தல்லாகுளம்:

தொனியை நான் விட்டுவிட்டேன். ஆனால் சிரித்ததை எழுதலாம், ‘கோபம்’ என்று எழுதினால் எழுதியவரின் கருத்து நுழைந்துவிடுமே. ‘குரல் உயர்ந்தது’ என்ற அளவில் நிறுத்தலாமா?

திருமங்கலம்:

குரல் உயர்ந்தது என்றால் எனக்கு ஒன்றும் புரியாது. கோபம் என்றால் புரியும்.

அண்ணாநகர், தமிழாசிரியை:

பெயருக்கு வருகிறேன். ‘பொழிப்பு’ அழகான சொல்தான், ஆனால் இங்கே சறுக்குகிறது. ஏழு சீர்க் குறளுக்கு மூன்று வரியில் பொழிப்புரை எழுதிப் பழகிய பிள்ளைகள் நாம். மூலத்தைவிட நீண்டதைத்தான் அந்தச் சொல் நினைவூட்டும். யாப்பில் பொழிப்பு என்றால் முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் வரும் தொடை, அது வேறு. ‘குரற்பிழிவு’ எப்படி? சக்கையை விட்டுச் சாற்றை எடுப்பது.

செல்லூர்:

பிழியுறதுன்னா எங்களுக்குத் துணிதாம்மா ஞாபகம் வருது. ‘குரல் சாரம்’னு வச்சா?

அண்ணாநகர்:

‘சாரம்’ என்றால் கட்டடம் கட்டுகிறவர்கள் ஏறி நிற்கும் மரம் என்று கொத்தனார் வீட்டில் நினைப்பார்கள் ஐயா.

தல்லாகுளம்:

பொழிப்புரை நீளும் என்பது நியாயமான தடைதான் அம்மா. ஆனாலும் செய்யுளின் நெருக்கத்தால்தான் அது நீள்கிறது. பேச்சு தளர்வானது, அதன் திரண்ட கருத்தை எடுத்தால் தானாகச் சுருங்கும். ‘பொழிப்பெடு’ என்று வினையாகவும் வரும். ‘பிழிவெடு’ எனக்கு நாவில் ஒட்டவில்லை.

மேலூர்:

விதியில் ‘குரற்பொழிப்பு’ என்று போட்டுப் பார்க்கிறேன். குழுவில் யாரும் அப்படிச் சொல்லப்போவதில்லை, “எழுதிப் போடுப்பா” என்றுதான் கேட்பார்கள் என்பது தெரியும். தொனி வரியைக் கட்டாயமாக்கவில்லை; பேசியவரிடமே கேட்டுவிட்டு எழுதச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இன்னொரு சொல்லும் வேண்டியிருக்கிறது: அந்த ‘5 நாள்’ பதிவில் எந்த நிமிடத்தில் வருகிறது என்று பக்கத்தில் 5:10 என்று போடுகிறோம், சந்தேகப்படுகிறவர் அங்கே போய்க் கேட்க. அதற்கு என்ன பெயர்?

திருநகர்:

‘நிமிடக்குறி’?

அண்ணாநகர்:

நொடியும் இருக்கிறதே தம்பி. ‘நேரக்குறி’.