பூம்பாறையில் அறுந்த ஹாட்ஸ்பாட்: பாக்கெட் வைஃபை இருந்திருந்தால் தப்பித்திருப்போமா?

திருநகர்க்காரி

போன மாதம் ஏழு பேர் வேனில் கொடைக்கானல் போனோம். பூம்பாறையில் இரண்டு நாள் தங்கல். மறுநாள் காலை பத்தரைக்குத் தங்கச்சிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. கிளம்புவதற்கு முன்பே, சிம் போட்டுக் கையோடு எடுத்துப்போகிற பாக்கெட் வைஃபை டப்பா ஒன்று வாங்கிக்கொள்வோம் என்று கேட்டாள். கையில் போன் இருக்கும்போது அது எதற்கு என்று தடுத்தது நான்தான்.

ஜன்னல் ஓரமாக என் போனை வைத்து ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தேன். இருபது நிமிடம் ஒரு தடங்கலும் இல்லை. அப்புறம் போன் அடித்தது. அப்பத்தா. எடுக்காவிட்டால் வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிடுவார். எடுத்தேன். "குளிருதா தாயி, சாப்டீகளா" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தால் லேப்டாப்பில் எதிரே இருந்த அதிகாரியின் முகம் வாய் பாதி திறந்தபடி உறைந்து நிற்கிறது. தங்கச்சி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. மறுபடி உள்ளே நுழைய நாலு நிமிடம் ஆனது. வேலை கிடைக்கவில்லை. இதனால்தானா என்று தெரியாது, அவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பாக்கெட் வைஃபை இருந்திருந்தால் அறுந்திருக்காதா? மே மாதம் மறுபடி போகிறோம்.

மேலூர் தம்பி

கண்டிப்பாக அறுந்திருக்காதுக்கா. பாக்கெட் வைஃபைக்கு ஆன்டெனா பெரிது, மலையில் போனுக்கு எட்டாத சிக்னல் அதற்கு எட்டும். எங்கள் மாமா வைத்திருக்கிறார். பழமுதிர்சோலைக்கு மேலே நூபுர கங்கை வரை போனோம், என் போனில் ஒரு கோடுதான் காட்டியது, அதில் எல்லாருக்கும் வைஃபை முழுசாகக் காட்டியது. பத்து பேர் வரை சேரலாம். போன் ஹாட்ஸ்பாட் எல்லாம் அவசரத்துக்குத்தான்.

சிம்மக்கல் கடைக்காரர்

தம்பி, வைஃபை முழுசாகக் காட்டியது என்றால் உன் போனுக்கும் மாமா கையில் இருந்த டப்பாவுக்கும் நடுவில் நன்றாக இருந்தது என்று மட்டுமே அர்த்தம். டப்பாவுக்கும் டவருக்கும் நடுவில் எப்படி இருந்தது என்பதை அது சொல்லாது. உள்ளங்கை அளவு டப்பாவில் பெரிய ஆன்டெனா எங்கே இருக்கிறது? கடைக்குச் சர்வீசுக்கு வரும் பழைய மாடல்களைவிட இன்றைய நடுத்தர போன் கூடுதல் அலைவரிசைகளைப் பிடிக்கும். மலையில் 850, 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரிக் குறைந்த அலைவரிசைகள்தான் வளைந்து நெளிந்து தூரம் போகும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவில் அந்த அலைவரிசை இல்லாமலே போகலாம்.

திருநகர்க்காரி அம்மா, உங்களுக்கு நடந்தது சிக்னல் விஷயமே இல்லை என்று நினைக்கிறேன். அப்பத்தா எந்த சிம்முக்கு அழைத்தார்? நெட் ஒரு சிம்மிலும் அழைப்பு இன்னொரு சிம்மிலும் வந்தால், பெரும்பாலான இரண்டு சிம் போன்கள் அழைப்பு முடியும்வரை நெட்டை நிறுத்திவிடும். போன் ஒரு நேரத்தில் ஒரு சிம்முக்குத்தான் முழுக் கவனம் கொடுக்கும். ஹாட்ஸ்பாட் பெயர் லேப்டாப்பில் அப்படியே தெரியும், வைஃபை கோடும் குறையாது, ஆனால் உள்ளே ஒன்றும் ஓடாது. நீங்கள் சொன்ன உறைந்த முகம் இதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

அழைப்பும் நெட்டும் ஒரே சிம்மில் இருந்து, அழைப்பை 4ஜியிலேயே கொண்டுபோகும் வோல்ட்டி ஓடினால் இரண்டும் சேர்ந்து நடக்கும். வோல்ட்டி இல்லாமல் அழைப்பு 2ஜிக்கு இறங்கினால் அப்போதும் நெட் நின்றுவிடும்.

பாக்கெட் வைஃபை இந்த ஒரு விஷயத்தில் ஜெயிக்கும். அதிலுள்ள சிம்முக்கு யாரும் போன் பண்ணப் போவதில்லை.

ஒத்தக்கடை டீச்சர்

நாங்கள் சிங்கப்பூர் போனபோது விமான நிலையத்திலேயே வாடகைக்கு எடுத்தோம், அருமையாக இருந்தது. பையில் போட்டுக்கொண்டு நான்கு பேரும் சுற்றினோம். ஒரு நாள் மட்டும் என் கணவர் பையோடு டீ குடிக்கப் போய்விட்டார், எங்கள் மூன்று பேருக்கும் மேப் நின்றுபோய் நடுத்தெருவில் நின்றோம்.

ஒரு விஷயம் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். டப்பாவிலிருந்து வைஃபை கொடுத்தால், சேர்ந்த போன்கள் பெரும்பாலும் அதை வீட்டு வைஃபை மாதிரி எண்ணிக்கொள்ளும்; போன் ஹாட்ஸ்பாட்டிலும் சில நேரம் அப்படி ஆகலாம். அன்று எடுத்த படங்கள் எல்லாம் தானாக மேலே ஏற ஆரம்பிக்கும், ஆப்கள் புதுப்பித்துக்கொள்ளும், லேப்டாப் அப்டேட்டை இறக்கும். ஒரு நாளைக்கு 2 ஜிபி ரீசார்ஜ் என்றால் மதியத்துக்குள் காலி. அதற்கு மேல் 64 கேபிபிஎஸ் வேகம்தான், அதில் மேப்கூட நகராது. அதனால் சேர்கிற ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் அந்த வைஃபை பெயரை அழுத்தி, அளவுக்குட்பட்டது என்று வைக்க வேண்டும், ஆங்கிலத்தில் Metered என்று இருக்கும். ஐபோனில் Low Data Mode. விண்டோஸ் லேப்டாப்பிலும் Metered connection உண்டு. இதை வீட்டிலேயே செய்துவிட்டுக் கிளம்புங்கள். வண்டியில் ஏறிய பிறகு சின்னப்பிள்ளைகள் கையிலிருந்து போனை வாங்க முடியாது.

வத்தலக்குண்டு வேன்

கடைக்காரர் அண்ணே, அலைவரிசைக் கணக்கு சரி. ஆனால் போனை வைத்து ஓட்டும்போது ஆகிற சூட்டைப் பற்றிச் சொல்லவில்லையே. காட்ரோட்டிலிருந்து மேலே ஏறும்போது சவாரிக்காரர்கள் போனை டாஷ்போர்டில் வெயிலில் வைத்து, சார்ஜும் போட்டு, மேப்பும் ஓடவிட்டு, ஹாட்ஸ்பாட்டும் கொடுப்பார்கள். பெருமாள்மலை வருவதற்குள் சார்ஜ் ஏறுவது நின்று, திரை மங்கிவிடும். போனைக் கையில் எடுத்தால் சுடும். டாஷ்போர்டிலிருந்து எடுத்து ஏசி காற்று படும் இடத்தில் மாட்டினால் சரியாகும்.

இன்னொன்று. ஒரு குடும்பம் பாக்கெட் வைஃபையை மட்டும் நம்பி வந்தது. அது ஒரே கம்பெனி சிம்மோடு பூட்டி விற்ற டப்பா. கூக்கால் பக்கம் அந்தக் கம்பெனி டவர் எட்டவில்லை, வேறு சிம் போட்டாலும் எடுக்கவில்லை. கொடைக்கானலுக்குள் வண்டி நுழைய வேண்டிய இ-பாஸ்கூட மெயிலிலேயே கிடந்தது. நல்லவேளை, கொடைக்கானல் செக்போஸ்டில் கேட்டபோது டவர் இருந்தது. 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நெட்டை நம்பாதீர்கள்.

மேலூர் தம்பி

கடைக்காரர் அண்ணே, ஆன்டெனா விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டப்பாவை ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டு நாம் உள்ளே உட்காரலாம் இல்லையா? போனை அப்படி விட்டுவிட்டு வர முடியாதே. பலன் அங்கேதான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

சிம்மக்கல் கடைக்காரர்

அது சரியான பேச்சு தம்பி. வீட்டுக்குள் கல்சுவர் இருந்தால் ஜன்னலுக்கும் மூலைக்கும் நிறைய வித்தியாசம் வரும். கோடுகளைப் பார்க்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் About phone உள்ளே SIM status என்ற இடத்தில் சிக்னல் எண் இருக்கும். மைனஸ் 95 என்றால் நிம்மதி, மைனஸ் 115 தாண்டினால் வீடியோ தடுமாறும். பாக்கெட் வைஃபை வாங்கினால் அதன் செட்டிங்ஸ் பக்கத்திலும் பல மாடல்களில் இதே எண்ணைப் பார்க்கலாம், சிலவற்றில் 192.168.1.1 என்று பிரவுசரில் அடித்தால் திறக்கும், மற்றவற்றில் முகவரி வேறாக இருக்கும்.

திருநகர்க்காரி

எல்லாருக்கும் நன்றி. அப்பத்தா அழைத்தது இரண்டாவது சிம்முக்குத்தான். அது அவருக்காகவே வைத்திருக்கும் நம்பர், பேச்சுக்கு மட்டும் ரீசார்ஜ் போட்டது.

நேற்று ராத்திரி வீட்டிலேயே சோதித்துப் பார்த்தோம். லேப்டாப்பில் வீடியோ கால் ஓடவிட்டு, மாமாவை இரண்டாவது சிம்முக்கு அழைக்கச் சொன்னேன். மணி அடித்து நான் எடுத்ததுமே படம் நின்றது, பேசி வைத்ததும் ஓடியது. அதே சோதனையை முதல் சிம்முக்கு அழைத்துச் செய்தபோது நிற்கவே இல்லை. என் போனில் அழைப்பின்போது நெட்டை மற்ற சிம்முக்கு மாற்றும் வசதியும் இருக்கிறது, ஆனால் அந்த சிம்மில் நெட் ரீசார்ஜ் வேண்டும். நடுவில் மாறும்போது இன்டர்வியூ நிற்குமா என்று இன்னும் பார்க்கவில்லை.

அப்பத்தாவின் போனில் என் முதல் நம்பரை மாற்றிப் பதிந்து கொடுத்தேன். பூம்பாறையில் அந்த வீட்டுக்குள் வோல்ட்டி நிற்குமா என்று இங்கே இருந்துகொண்டு எப்படித் தெரிந்துகொள்வது? கடைக்காரர் சொன்ன எண்ணை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். தங்கச்சி இப்போதும் டப்பாதான் வேண்டும் என்கிறாள். இந்த முறை நான் தடுக்கவில்லை, எந்த சிம் போட்டாலும் எடுக்கிற மாடலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.