ஏற்காட்டு வீட்டு வாடகை: ஒரு ராத்திரி மட்டும் தங்கியவர்கள் எவ்வளவு தர வேண்டும்?

அஸ்தம்பட்டி கலா: ஏற்காட்டில் நான்கு அறை வீடு எடுத்தோம். ராத்திரிக்கு 9,000, மூன்று ராத்திரிக்கு 27,000. எங்கள் வீட்டில் நான்கு பேர், நாத்தனார் வீட்டில் இரண்டு பேர், மூன்று ராத்திரியும் இருந்தோம். ஈரோட்டிலிருந்து கொழுந்தனார் குடும்பம் ஆறு பேர், சனிக்கிழமை ராத்திரி மட்டும். எப்படிப் பிரிப்பது?

மாம்பழக்காரன்: ஆளுக்கு 9,000 என்று மூன்று குடும்பமும் போடுங்கள். சொந்தத்துக்குள் என்ன கணக்கு?

குப்பனூர் வழி: அந்தக் கணக்கால்தான் சொந்தம் பேச்சு வார்த்தை இல்லாமல் போகிறது. ஒவ்வொருவரும் தங்கிய ராத்திரிகளைக் கூட்டுங்கள். உங்களுக்கு 12, நாத்தனாருக்கு 6, கொழுந்தனாருக்கு 6, மொத்தம் 24. ஒன்றுக்கு 1,125. கொழுந்தனார் 6,750 தரட்டும்.

பழைய கிளார்க்: அது சரிவராதுங்க. சனிக்கிழமை வீட்டில் 12 பேர், அன்றைய வாடகையில் தலைக்கு 750. ஆறு பேருக்கு 4,500. அவர் வராத வெள்ளிக்கிழமைக்கு அவரிடம் எதற்கு வாங்க வேண்டும்?

மலைக்காற்று: சமையல்காரருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? நாங்கள் போனபோது கறிக்குத்தான் பெரிய சண்டை. சைவம் சாப்பிடுகிற சித்தி ஒரு ரூபாய் தரமாட்டேன் என்றுவிட்டார்.

குப்பனூர் வழி: கேள்வி வாடகை பற்றியது, கறி பற்றியது இல்லை.

சேர்வராயன்: அறையை வைத்துப் பாருங்கள். ஒரு அறைக்கு ராத்திரிக்கு 2,250. நீங்களும் நாத்தனாரும் ஆளுக்கொரு அறை, மூன்று ராத்திரிக்கு 6,750 வீதம். கொழுந்தனாருக்கு இரண்டு அறை, ஒரு ராத்திரி, 4,500. கூட்டினால் 18,000தான் வரும். மீதி 9,000, முதல் இரண்டு ராத்திரி பூட்டிக் கிடந்த இரண்டு அறைகளுக்கு. தகராறே அதில்தான். கிளார்க் ஐயா சொன்ன 4,500இல் அந்தக் காலி அறைகளுக்கு ஒரு பைசாகூட இல்லை. குப்பனூர்க்காரர் கணக்கில் 2,250 கொழுந்தனார் தலையில் விழுகிறது. எது நியாயம் என்று கேட்டால், பெரிய வீடு யாருக்காக எடுத்தீர்கள் என்று பார்க்க வேண்டும். உங்கள் இரண்டு வீட்டு ஆறு பேருக்கு இரண்டு அறை வீடே போதும். அவர் வருவதாகச் சொன்னதால்தான் நான்கு அறை எடுத்தீர்கள் என்றால், காலி அறையில் அவருக்கும் பங்கு உண்டு.

அஸ்தம்பட்டி கலா: முன்பணம் கட்டிய பிறகுதான் கொழுந்தனார் வருவதாகச் சொன்னார். பெரிய வீடாகப் பார் என்றது மாமியார். அவர் வரவே இல்லை, முட்டிவலி.

மாம்பழக்காரன்: அப்போ பில்லை மாமியாருக்கு அனுப்புங்கள் 😄

சேர்வராயன்: அப்படியானால் கொழுந்தனார் 4,500 தந்தால் போதும். அந்த 9,000 உங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில். அதையும் சேர்த்து மீதி 22,500ஐத் தலைக்கணக்கில் பிரித்தால் நாத்தனார் மொத்தம் 7,500 தருவார். ஆளுக்கொரு அறைதானே என்று பாதிப் பாதி போட்டால் 11,250.

பழைய கிளார்க்: இரண்டு பேர் 11,250 தருவதா? கூடத்தையும் சமையலறையையும் நான்கு பேர் புழங்கியிருப்பார்களே.

சேர்வராயன்: நான்கு பேரும் ஒரே அறையில் நெருக்கிப் படுத்தார்கள், ஐயா.

அஸ்தம்பட்டி கலா: எங்கள் நான்கில் ஒன்று கைக்குழந்தை. அதுவும் தலைதானா?

குப்பனூர் வழி: கட்டில் கேட்டதா?